எங்கே நிறுத்துவது, எங்கிருந்து தொடர்வது: மாடல் பயிற்சியின் இரண்டு கோப்புகள்

நியூரல் நெட்வொர்க் வகை மாடல் ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பது என்பது, அதனுள் இருக்கும் லட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே போவதுதான். இந்த எண்களை எடைகள் என்பார்கள். கையில் உள்ள தரவு முழுவதையும் மாடல் ஒரு முறை பார்த்து முடித்தால் அது ஓர் ஈபோக். ஒவ்வொரு ஈபோக்கிலும் மாடல் எவ்வளவு தவறுகிறது என்பதை லாஸ் என்ற எண் காட்டும். பயிற்சித் தரவில் கணக்கிடப்படும் லாஸ் பெரும்பாலும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதை மட்டும் பார்த்தால் பயிற்சியை எப்போது நிறுத்துவது என்றே தெரியாது.

அதற்காகத்தான் தரவில் ஒரு பகுதியைப் பயிற்சியில் சேர்க்காமல் ஒதுக்கி வைக்கிறார்கள். இது சரிபார்ப்புத் தரவு. ஒவ்வொரு ஈபோக் முடிந்ததும் மாடலை இதன் மேல் ஓட்டி லாஸ் கணக்கிடுவார்கள், எடைகளைத் தொடமாட்டார்கள். தொடக்கத்தில் இரண்டு லாஸும் சேர்ந்தே இறங்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு பயிற்சி லாஸ் மட்டும் இறங்க, சரிபார்ப்பு லாஸ் ஏறத் தொடங்கும். மாடல் பொதுவான இயல்புகளைக் கற்பதை விட்டு, பயிற்சித் தரவின் தனித்தனி உருப்படிகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இதற்கு ஓவர்ஃபிட்டிங் என்று பெயர். சரிபார்ப்பு லாஸ் மேம்படாமல் போகும் இடத்தைக் கவனித்துப் பயிற்சியை முடித்துக்கொள்வதே ஏர்லி ஸ்டாப்பிங்.

நன்கு அறியப்பட்ட சைஃபார்-10 தொகுப்பை எடுத்துக்கொள்ளலாம். விமானம், பூனை, கப்பல் என்று 10 வகைகளில் 60,000 சிறு வண்ணப் படங்கள் அதில் உண்டு. 50,000 பயிற்சிக்கு, 10,000 கடைசிச் சோதனைக்கு. பயிற்சிக்கான 50,000-இலிருந்து 5,000 படங்களைச் சரிபார்ப்புக்கு ஒதுக்கினால் மீதி 45,000. மாடல் ரெஸ்நெட்-18, எடைகளைத் திருத்தும் ஆப்டிமைசர் ஆடம். ஒவ்வொரு திருத்தமும் எவ்வளவு பெரியது என்பதைத் தீர்மானிக்கும் லேர்னிங் ரேட் 0.001-இல் தொடங்கி, 15-ஆம் ஈபோக் முடிந்ததும் 0.0001 ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் லாஸ் எண்கள் விளக்கத்துக்காகச் சொல்லப்படுபவை. ஆனால் இப்படிப்பட்ட பயிற்சியில் சாதாரணமாகக் காணக்கூடிய போக்கையே அவை காட்டுகின்றன.

முதல் ஈபோக்கில் சரிபார்ப்பு லாஸ் 1.38. பன்னிரண்டாவதில் 0.634. அடுத்த மூன்று ஈபோக்குகளில் 0.641, 0.637, 0.650 என்று முன்னேற்றமே இல்லை. பதினாறாவதில் லேர்னிங் ரேட் குறைந்த உடனே 0.531-க்கு இறங்குகிறது. பத்தொன்பதாவதில் 0.487. அதற்குப் பிறகு 0.495, 0.491, 0.503, 0.512, 0.519. அதே நேரத்தில் பயிற்சி லாஸ் 0.21-இலிருந்து 0.09-க்கு வந்துவிட்டது. நடுவில் 0.495-இலிருந்து 0.491-க்கு இறங்கியது பார்க்க முன்னேற்றம் போல இருந்தாலும், அது 0.487-ஐத் தாண்டவில்லை. ஒப்பிட வேண்டியது முந்தைய ஈபோக்குடன் அல்ல, இதுவரை கிடைத்ததிலேயே சிறந்த எண்ணுடன்.

ஒரே ஓர் ஈபோக்கில் லாஸ் ஏறியது என்பதற்காக நிறுத்திவிடக் கூடாது. எத்தனை ஈபோக் வரை முன்னேற்றம் இல்லாமல் காத்திருக்கலாம் என்று ஓர் எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். இதற்கு பேஷன்ஸ் என்று பெயர். மேலே சொன்ன ஓட்டத்தில் பேஷன்ஸ் 5 என்றால், 20 முதல் 24 வரை ஐந்து ஈபோக் பார்த்துவிட்டு 24-இன் முடிவில் பயிற்சி நிற்கும்; எடுத்துக்கொள்ளும் மாடல் 19-ஆம் ஈபோக்கினுடையது. பேஷன்ஸ் 3 என்று வைத்திருந்தால் கதை வேறு. 13, 14, 15 என்று மூன்று ஈபோக் முன்னேற்றமில்லாமல் போனதும் பயிற்சி 15-இலேயே நின்றிருக்கும், லேர்னிங் ரேட் குறைவதற்கு ஒரு படி முன்பாக. 0.487 கிடைக்க வேண்டிய இடத்தில் 0.634-உடன் திரும்ப வேண்டியிருக்கும். ஆகவே பேஷன்ஸைத் தனியாகத் தீர்மானிப்பது தவறு. லேர்னிங் ரேட் எப்போது மாறும் என்ற அட்டவணையை அருகில் வைத்துக்கொண்டே அதைத் தீர்மானிக்க வேண்டும். கடைசி ஈபோக் வரை லேர்னிங் ரேட்டைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும் கொசைன் அட்டவணையில் முன்னேற்றத்தின் பெரும் பங்கு இறுதியில்தான் வரும். அங்கே ஏர்லி ஸ்டாப்பிங்கைத் தவிர்த்து, முழு ஓட்டத்தையும் முடித்துச் சிறந்த எடைகளை மட்டும் தேர்ந்தெடுப்பதே நல்லது.

சரிபார்ப்பு எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் முக்கியம். 5,000 படங்களில் 90 சதவீதம் சரியாகச் சொல்லும் மாடலுக்கு, படங்களின் தேர்வால் மட்டுமே ஏற்படும் தளம்பல் சுமார் 0.4 சதவீதப் புள்ளி. இரண்டு ஈபோக்குகளுக்கு இடையே 0.1 புள்ளி வித்தியாசத்தை முன்னேற்றம் என்று கொண்டாடுவதில் பொருளில்லை. லாஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே சரியான விடைகளின் சதவீதம் சற்று உயர்வதும் உண்டு. தவறாகச் சொல்லும் சில படங்களில் மாடல் மிகுந்த உறுதியோடு தவறினால் லாஸ் பெருகிவிடும். விடைகளின் எண்ணிக்கை மாறாது. இவற்றில் எதைக் கண்காணிப்பது என்பது மாடலை எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. மாடல் சொல்லும் நிகழ்தகவு தேவையென்றால் லாஸ். விடை மட்டும் போதுமென்றால் சதவீதம். எதுவானாலும் பயிற்சி தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, 19-ஆம் ஈபோக்கின் எடைகளைக் காப்பாற்றுவது. பயிற்சி 24-இல் நிற்கும்போது நினைவகத்தில் இருப்பவை 24-இன் எடைகள். 19-இனுடையவற்றை அப்போதே எடுத்து வைத்திருந்தால்தான் உண்டு. இங்கே பைடார்ச் பயன்படுத்துவோர் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது.

```python
best = model.state_dict()                  # தவறு
best = copy.deepcopy(model.state_dict())   # சரி
```

முதல் வரி எடைகளை நகலெடுப்பதில்லை; அவை இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது, அவ்வளவுதான். அடுத்த ஈபோக்கில் எடைகள் மாறும்போது `best`-இல் இருப்பதும் கூடவே மாறிவிடும். பயிற்சி முடிந்து அதை மாடலில் ஏற்றினால் வருவது 24-ஆம் ஈபோக்தான். பிழைச் செய்தி எதுவும் வராது. கண்டுபிடிக்க ஒரு வழி, ஏற்றிய மாடலைச் சரிபார்ப்புத் தரவில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது: 0.487 வர வேண்டும், 0.519 வந்தால் நகல் எடுக்கப்படவில்லை. `torch.save` கொண்டு உடனே வட்டில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. வட்டில் எழுதப்படும் இந்தப் பதிவுதான் செக்பாயின்ட்.

இப்போது மின்சாரம் போகிறது, அல்லது வாடகைக் கணினியின் நேரம் முடிகிறது. கூகுள் கோலாப் போன்ற சேவையின் இலவசப் பிரிவில் செஷன் இடையில் அறுந்துபோவது வழக்கம். அதோடு அந்தக் கணினியின் வட்டில் இருந்த கோப்புகளும் போய்விடும் என்பதால், செக்பாயின்ட்டை டிரைவ் போன்ற நிலையான இடத்தில் எழுத வேண்டும். மேகக் கணினிகளைக் குறைந்த விலைக்குத் தரும் அமேசானின் ஸ்பாட் திட்டத்தில், கணினியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் முன் கிடைக்கும் முன்னறிவிப்பு 2 நிமிடம். நம் பயிற்சி 23-ஆம் ஈபோக்கின் நடுவில் இப்படி அறுந்தது என்று கொள்வோம்.

கையில் இருப்பது 19-ஆம் ஈபோக்கின் சிறந்த எடைகள் மட்டும் என்றால், அங்கிருந்து தொடர்வது இயல்பாகத் தோன்றும். பெரும்பாலான குழப்பங்களின் வேர் இதுதான். சிறந்த மாடல் பயன்பாட்டுக்கானது. தொடர்வதற்கு வேண்டியது கடைசி நிலை. இரண்டும் வெவ்வேறு கோப்புகளாக, வெவ்வேறு உள்ளடக்கத்தோடு இருக்க வேண்டும். `best.pt` என்ற கோப்பில் எடைகள் மட்டும் போதும். `last.pt` என்ற கோப்பில், பயிற்சி அந்தக் கணத்தில் எப்படி இருந்ததோ அது முழுவதும் இருக்க வேண்டும்.

```python
ckpt = {
    "model": model.state_dict(),
    "optimizer": optimizer.state_dict(),
    "scheduler": scheduler.state_dict(),
    "next_epoch": epoch + 1,
    "best_loss": best_loss,
    "bad_epochs": bad_epochs,
    "rng": torch.get_rng_state(),
    "cuda_rng": torch.cuda.get_rng_state_all(),
}
torch.save(ckpt, "last.tmp")
os.replace("last.tmp", "last.pt")
```

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு காரணத்துக்காக இருக்கிறது. முதலில் ஆப்டிமைசர். ஆடம் ஒவ்வோர் எடைக்கும் இரண்டு எண்களைக் கூடவே வைத்திருக்கிறது: அண்மையில் அந்த எடை எந்தத் திசையில் திருத்தப்பட்டு வந்தது என்பதன் சராசரி ஒன்று, அந்தத் திருத்தங்கள் எவ்வளவு பெரியவை என்பதன் சராசரி மற்றொன்று. ரெஸ்நெட்-18-இன் சுமார் 1.1 கோடி எடைகள் வட்டில் 45 மெகாபைட் அளவுக்கு இடம் பிடித்தால், ஆடமின் நினைவோடு சேர்த்து அது மூன்று மடங்காகி 135 மெகாபைட்டை நெருங்கும். இடத்தை மிச்சப்படுத்த நினைத்து இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? நினைவில்லாத ஆடம் முதல் அடி வைக்கும்போது ஒரே ஒரு கிரேடியண்ட்டைத்தான் பார்த்திருக்கும். அதன் கணக்குப்படி அந்தக் கிரேடியண்ட் பெரிதோ சிறிதோ, ஏறக்குறைய எல்லா எடைகளும் முழு லேர்னிங் ரேட் அளவுக்கு நகரும். பயிற்சியின் பிற்பகுதியில் கிரேடியண்ட்கள் முன்னும் பின்னுமாக மாறி ஒன்றையொன்று பெருமளவு ரத்து செய்துகொள்ளும். நினைவுள்ள ஆடம் அப்போது மிகச் சிறிய அடிகளையே வைக்கும். அதே இடத்தில் 1.1 கோடி எடைகளும் ஒருசேர முழு அடி வைத்தால் லாஸ் குதித்து ஏறும். சில நூறு திருத்தங்களில் அது பழைய நிலைக்கு வரக்கூடும்; ஆனால் அது முன்பு போய்க்கொண்டிருந்த பாதை அல்ல.

லேர்னிங் ரேட் அட்டவணையையும் சேமிக்க வேண்டும். ஆப்டிமைசரும் அட்டவணையும் புதிதாகத் தொடங்கினால் லேர்னிங் ரேட் 0.0001-க்குப் பதில் 0.001 ஆகிவிடும். பத்து மடங்கு. தொடர்ந்த பிறகு முதல் வேலையாக லேர்னிங் ரேட்டை அச்சிட்டுப் பார்த்தால் இந்தத் தவறு ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

தற்செயல் எண்களின் நிலை, அதாவது `rng`, தேவையற்ற நுணுக்கம் போலத் தோன்றும், அப்படியல்ல. ஒவ்வோர் ஈபோக்கிலும் படங்கள் புது வரிசையில் குலுக்கப்படுகின்றன. நிரலின் முதல் வரியில் `torch.manual_seed(42)` என்று எழுதுவது பலருடைய பழக்கம். நிலையை மீட்காமல் தொடர்ந்தால், 23-ஆம் ஈபோக்கின் வரிசை முதல் ஈபோக்கின் வரிசையாகவே இருக்கும். ஒரு முறை அறுந்தால் பெரிய கேடில்லை. ஆனால் ஓர் ஈபோக்குக்கே பல மணி நேரம் ஆகும் பெரிய தரவில், ஈபோக்கின் நடுவிலேயே சேமித்து, திரும்பத் திரும்ப அறுந்து தொடரும் பயிற்சியில், மாடல் வரிசையின் முன்பகுதியையே மறுபடி மறுபடி பார்க்கும். பின்பகுதியை ஒருபோதும் பார்க்காது. அப்போது பயிற்சி லாஸ் எதிர்பாராத வேகத்தில் இறங்கும். தொடர்ந்ததும் லாஸ் ஏறுவது மட்டுமல்ல, காரணமின்றி இறங்குவதும் கோளாறின் அறிகுறிதான். ஈபோக் சில நிமிடங்களில் முடியும் வேலைகளில் ஈபோக் முடிவில் மட்டும் சேமித்து, பாதியில் நின்ற ஈபோக்கைத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓட்டுவதே எளிய வழி. படங்களைத் திருப்புவது, வெட்டுவது போன்ற வேலைகளுக்கு நம்பையோ பைத்தானின் சொந்த `random` பகுதியோ பயன்பட்டால் அவற்றின் நிலையையும் தனியே சேர்க்க வேண்டும்.

மிகவும் மறக்கப்படுவது `best_loss`, `bad_epochs` என்ற இரண்டு சிறு எண்கள். 22-ஆம் ஈபோக்கின் முடிவில் இவை முறையே 0.487, 3. இவற்றோடு தொடர்ந்தால் 23, 24 இரண்டும் முன்னேற்றமில்லாமல் கழிந்து, பயிற்சி முன்பு சொன்னபடியே 24-இல் நிற்கும். இவற்றைச் சேமிக்காவிட்டால், வழக்கமான நிரலில் `best_loss` முடிவிலி மதிப்பில் தொடங்கும். 23-ஆம் ஈபோக்கின் 0.512 முடிவிலியை விடச் சிறியது. ஆகவே அது "சிறந்தது" என்று முடிவாகி `best.pt` கோப்பின் மேல் எழுதப்படும். 0.487 தந்த எடைகள் அந்தக் கணத்தில் அழிந்துவிடும். பிறகு பயிற்சி 28 வரை ஓடி நின்று, சிறந்த லாஸ் 0.512 என்று அறிவிக்கும். வரைபடத்திலும் பதிவேட்டிலும் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். எடைகளையும் ஆப்டிமைசரையும் சரியாக மீட்டவர்களும் இதில்தான் தோற்கிறார்கள்.

கெராஸில் இதே குழி ஆயத்தமாகவே இருக்கிறது. `BackupAndRestore` பயிற்சியை விட்ட இடத்திலிருந்து தொடர உதவும். ஆனால் `EarlyStopping` ஒவ்வொரு முறை பயிற்சி தொடங்கும்போதும் தன் கணக்கைப் புதிதாக ஆரம்பிக்கும். `save_best_only=True` என்று அமைத்த `ModelCheckpoint` புது நிரலோட்டத்தில் பழைய சிறந்த எண்ணை அறியாது; `initial_value_threshold` வழியாக அதை நாமே கொடுக்க வேண்டும்.

எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். `last.pt` கோப்பின் மேல் நேரடியாக எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், பழைய கோப்பும் இல்லை, புதியதும் பாதி. அதனால்தான் மேலே உள்ள நிரல் முதலில் `last.tmp` என்ற பெயரில் முழுவதும் எழுதிவிட்டு, பிறகு பெயரை மாற்றுகிறது. ஒரே வட்டில் பெயர் மாற்றம் ஒரே செயலாக நடக்கும். நடந்தால் முழுமையாக, இல்லையென்றால் பழைய கோப்பு அப்படியே. `best.pt` கோப்பையும் இப்படியே எழுத வேண்டும். இரண்டையும் எழுத வேண்டிய ஈபோக்கில் `best.pt` முதலில், `last.pt` பிறகு. இடையில் அறுந்தால் அந்த ஈபோக் மறுபடி ஓடி மீண்டும் எழுதப்படும், இழப்பில்லை. வரிசை மாறினால், சிறந்த லாஸ் 0.487 என்று `last.pt` சொல்லும். `best.pt` கோப்பிலோ அதற்கு முந்தைய எடைகள் இருக்கும்.

பெரிய பயிற்சிகளில் இடையில் அறுவது அன்றாட நிகழ்ச்சி. மெட்டா நிறுவனம் 2024-இல் வெளியிட்ட லாமா 3 அறிக்கை, 16,384 ஜிபியுக்கள் வரை பயன்படுத்திய தன் பயிற்சியில் 54 நாள் காலத்தை ஆராய்ந்து, 466 தடங்கல்களைக் கணக்கிட்டது. அவற்றில் 419 எதிர்பாராதவை; பெரும்பான்மை வன்பொருள் கோளாறு. அதாவது நாளொன்றுக்குச் சராசரியாக எட்டுக்கும் மேற்பட்ட தடவை. அந்த அளவில் செக்பாயின்ட் எவ்வளவு அடிக்கடி எழுதப்படுகிறது, எவ்வளவு விரைவில் மீட்கப்படுகிறது என்பவையே பயிற்சியின் வேகத்தைத் தீர்மானிக்கும் காரணிகள் ஆகிவிடுகின்றன.

மீட்பு சரியாக இருக்கிறதா என்பதை நீண்ட பயிற்சிக்கு முன்பே சோதித்துவிடலாம். தரவில் சில நூறு படங்களை மட்டும் எடுத்து, நான்கு ஈபோக்கை இடைவிடாமல் ஓட்டி ஒவ்வொரு திருத்தத்தின் லாஸையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதே நிரலை இரண்டு ஈபோக் முடிந்ததும் வேண்டுமென்றே கொன்றுவிட்டு, புதிதாகத் திறந்து, `last.pt` கோப்பிலிருந்து மீதி இரண்டை ஓட்ட வேண்டும். மொத்த ஈபோக் எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்து ஓட்டுவது இதற்கு ஈடாகாது. கொசைன் போன்ற அட்டவணை அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே கணக்கிடப்படுகிறது. இரண்டு பட்டியல்களிலும் மூன்றாவது, நான்காவது ஈபோக்கின் எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும். சோதனையை சிபியுவில் செய்வது நல்லது. ஜிபியுவின் சில கணக்குகள் ஓட்டத்துக்கு ஓட்டம் கடைசி இலக்கங்களில் மாறும்.

வேறுபாடு தோன்றும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். தொடர்ந்த பின் முதல் திருத்தத்தின் லாஸே வேறாக இருந்தால் எடைகளோ தரவின் வரிசையோ மீளவில்லை. முதல் எண் ஒத்துப்போய் இரண்டாவதிலிருந்து விலகினால், முதல் திருத்தம் தவறான அளவில் நடந்திருக்கிறது: பார்க்க வேண்டியது ஆப்டிமைசரையும் லேர்னிங் ரேட்டையும். லாஸ் எல்லாம் ஒத்துப்போயும் பயிற்சி நிற்கும் ஈபோக் மட்டும் மாறினால் ஏர்லி ஸ்டாப்பிங்கின் இரண்டு எண்கள் விடுபட்டிருக்கின்றன.

பயிற்சி நின்ற பிறகு `best.pt` கோப்பை ஏற்றி, அதுவரை தொடாமல் வைத்திருந்த 10,000 சோதனைப் படங்களில் ஒரே ஒரு முறை ஓட்ட வேண்டும். சரிபார்ப்பு லாஸ் 0.487 என்பது 24 எண்களில் மிகச் சிறியதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது; ஆகவே உண்மையை விடச் சற்று நல்லதாகவே இருக்கும். மாடலின் தரம் என்று வெளியே சொல்ல வேண்டியது சோதனைப் படங்களில் கிடைக்கும் எண்ணைத்தான்.